மெஸ் மணியை வைத்து அமைதி பிடிப்பது: திருகோணமலை விடுதிக்குப் புதிதாக வருவோருக்கு

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்கோ, நகருக்குள் இருக்கும் ஏதோவொரு போடிங்குக்கோ முதல் தடவையாகப் பெட்டியோடு வந்து இறங்குபவர் பெரும்பாலும் ஒரே கணக்கோடுதான் வருகிறார்: பகலில் லெக்சர், இரவு சாப்பிட்டுவிட்டு எட்டரையிலிருந்து பதினொன்று வரை படிப்பு. வீட்டில் உயர்தரத்துக்கு அப்படித்தான் படித்திருப்பார். எட்டுக் கட்டில் போட்ட அறையில் அந்தக் கணக்கு முதல் வாரத்திலேயே உடைந்துபோகும். நாளில் ஆகச் சத்தமான நேரமே அதுதான். எல்லோரும் சாப்பிட்டு வயிறு நிறைந்து அறைக்குத் திரும்பியிருப்பார்கள். வீட்டுக்குக் கோல் எடுப்பதும் மெட்ச் பார்ப்பதும் பகல் நடந்ததைக் கதைப்பதும் அப்போதுதான்.

அறையை அமைதியாக்கப் பார்ப்பது பெரும்பாலும் வீண் வேலை. ஏழு பேரை மாற்ற முடியாது. ஆனால் அந்த ஏழு பேரையும் நாளுக்கு மூன்று தடவை, ஏறக்குறைய ஒரே நேரத்தில், அறையைவிட்டு வெளியே இழுக்கும் ஒன்று விடுதியில் இருக்கிறது. அது மெஸ். சாப்பாட்டு நேரம் மாறாது என்று புதிதாக வருவோர் குறைப்படுவதுண்டு. படிப்பவருக்கு அதுவே வசதி. கடல் வற்றும் நேரம் தெரிந்தவன் மட்டி பொறுக்கப் போவதுபோல, அறை வற்றும் நேரம் தெரிந்தால் அதற்குள் ஒரு வேலையை முடித்துவிடலாம்.

முதல் வாரம்: எழுதுவது மட்டும்

வந்த முதல் ஏழு நாளும் எந்த அட்டவணையும் போடாதீர்கள். ஒரு கொப்பியில் இரண்டு பக்கத்தை எதிரெதிரே விரித்து, காலை 4 மணியிலிருந்து இரவு 11 மணி வரை அரைமணிக்கு ஒரு வரியாகக் கோடு போடுங்கள். 38 வரி வரும். மேலே திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நிரல். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு இலக்கம் எழுதினால் போதும். முதலாவது, அந்நேரம் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது. இரண்டாவது, சத்தத்துக்கான புள்ளி.

புள்ளியைக் காதின் அளவில் வைக்க வேண்டாம், சொல்லின் அளவில் வையுங்கள். பேச்சே இல்லை என்றால் 0. பேச்சு இருக்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று பிரியவில்லை என்றால் 1. சொற்கள் தெளிவாக விளங்குகின்றன என்றால் 2. யாராவது உங்களையே கூப்பிட்டுக் கதைக்கிறார்கள் என்றால் 3.

ஏன் இப்படி? வாசித்ததை மனத்தில் நிறுத்தும் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் சத்தத்தின் பருமன் அல்ல, அதில் இருக்கும் பேச்சு. ஃபேன் இரைவதும், மழை தகரத்தில் கொட்டுவதும், கச்சான் காற்று யன்னலை உலுக்குவதும் உரத்த சத்தங்கள்தான். ஆனால் அவை ஒரே சீராக இருப்பதால் கொஞ்ச நேரத்தில் மனம் அவற்றை விட்டுவிடுகிறது. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் மெதுவாக, “அவள் என்ன சொன்னவள் தெரியுமா” என்று ஆரம்பித்தால் போதும், நீங்கள் அதே வரியை மூன்றாம் தடவை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். போனில் சத்தம் அளக்கும் அப் போட்டுப் பார்ப்பதால் அதிகம் பிரயோசனம் இல்லாததும் இதனால்தான். அது ஃபேனுக்கு அதிக எண்ணும் கிசுகிசுப்புக்குக் குறைந்த எண்ணும் காட்டும். உங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு.

ஏழு நாளில் வெள்ளி, சனி, ஞாயிறு கட்டாயம் அடங்க வேண்டும். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிவிடுவார்கள். ஞாயிறு இரவுதான் திரும்புவார்கள். தூரத்திலிருந்து வந்த உங்களுக்கு அறை பாதி காலியாகக் கிடைக்கும். வார நடுவில் போயா வந்தாலும் அப்படித்தான். ஆனால் அந்த நாள்களில் மெஸ் நடக்குமா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். ஆள் குறைந்தால் சமையலை நிறுத்தும் மெஸ்களும், முதல் நாளே கொப்பியில் பெயர் எழுதியவர்களுக்கு மட்டும் சமைக்கும் மெஸ்களும் உண்டு.

ஏழாம் நாள் முடிவில் கொப்பியைப் பார்த்தால் 0 அல்லது 1 என்ற புள்ளி நாலு நாளுக்கு மேல் ஒரே வரியில் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும் சில இடங்கள் தெரியும். உங்கள் நேரம் அவைதான். ஒருநாள் மட்டும் 0 விழுந்த வரியை நம்பாதீர்கள். அன்று எல்லோரும் எங்கோ பிறந்தநாளுக்குப் போயிருப்பார்கள்.

ஓர் அறையின் கணக்கு

நிலாவெளி வீதியில் ஒரு விடுதி என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கட்டில். மெஸ்ஸில் காலைச் சாப்பாடு 6.30 முதல் 7.45 வரை, மதியம் 12 முதல் 1.30 வரை, இரவு 7 முதல் 8.15 வரை. முதலாம் ஆண்டு முகாமைத்துவ மாணவர் ஒருவர். காலை 8.30-க்கு லெக்சர், பின்னேரம் 4 மணிக்கு முடிகிறது. தமிழ் மொழிமூலம் உயர்தரம் படித்தவர், இப்போது ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் விடுதியின் நேரங்கள் வேறாக இருக்கலாம். வற்றும் பெருகும் ஒழுங்கு அநேகமாக இப்படியே இருக்கும்.

அவருடைய கொப்பியில் விழுந்தது இது. காலை 4.30-இலிருந்து 6 வரை புள்ளி 0. பள்ளிவாசல் பாங்கு கேட்கும், ஒருவர் தொழுகைக்கு எழும்புவார், அவ்வளவுதான். 6-இலிருந்து 8 வரை வாளிச் சத்தமும் குளியலறை வரிசையும் ஓடிப்பிடித்தலும். பின்னேரம் 4.15-இலிருந்து 5.45 வரை நாலு பேர் வொலிபோல் ஆடப் போய்விடுவார்கள், இரண்டு பேர் நித்திரை, ஒருவர் போனில் முணுமுணுப்பு. புள்ளி 1. இரவு 7.05-இலிருந்து 7.45 வரை அறையில் ஒருவரும் இல்லை, புள்ளி 0. 7.45-இலிருந்து 9.30 வரை நாளின் உச்சம், 2-உம் 3-உம். 9.30-க்குப் பிறகு யாராவது லப்டொப்பில் படம் போடுவார்கள், சுற்றி நாலு பேர். 11.15-க்கு லைட் அணையும்.

இதில் புதியவர் கண்ணில் படாமல் போவது 7.05-இலிருந்து 7.45 வரையான அந்த 40 நிமிடம். ஏனென்றால் அந்நேரம் அவரும் தட்டோடு வரிசையில்தான் நிற்கிறார். மெஸ் திறந்ததும் முதல் 25 நிமிடம் வரிசை நீளம், அதில் பாதி நேரம் சும்மா நிற்பதே. 7.45-க்குப் போனால் வரிசையே இல்லை. 10 நிமிடத்தில் சாப்பிட்டு முடியும். அதாவது இவர் எல்லோரும் போகும்போது போகாமல், அவர்கள் திரும்பும்போது போகிறார். அறை நிரம்பும் நேரம் இவர் மெஸ்ஸில் இருக்கிறார், மெஸ் நிரம்பும் நேரம் அறையில் இருக்கிறார்.

விலை இல்லாமல் இல்லை. பிந்திப் போனால் மீன் துண்டு முடிந்திருக்கும், பருப்பும் சொதியும் மிஞ்சியிருக்கும். இதற்கு ஒரே நல்ல வழி, முன்னால் போகும் நண்பரிடம் உங்கள் கறியை ஒரு மூடி போட்ட கிண்ணத்தில் வாங்கி வைக்கச் சொல்வது. மெஸ் பொறுப்பாளரிடம் ஒருதரம் சொல்லி வைத்தால் பலர் சம்மதிப்பார்கள். சோற்றையும் சேர்த்து எடுத்து அறையில் வைத்து ஒன்பது மணிக்குச் சாப்பிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். சமைத்த சோறும் கறியும் நம் ஊர்ச் சூட்டில் நெடுநேரம் வெளியே இருந்தால் கிருமி பெருகும், சோற்றில் உண்டாகும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். 7.10-க்கு வாங்கி வைத்த கறியை 7.50-க்குச் சாப்பிடுவது அதற்குள் வந்துவிடும்.

இன்னொன்று, இரவுச் சாப்பாட்டை 50 நிமிடம் தள்ளுவதென்றால் 5 மணிபோல் வயிற்றுக்கு ஏதாவது வேண்டும். இரண்டு வாழைப்பழமோ ஒரு சிறிய பக்கற் பிஸ்கட்டோ போதும். இல்லாவிட்டால் 7.20-க்கு மெஸ்ஸிலிருந்து வரும் தாளித்த வாசம் புத்தகத்தை வென்றுவிடும்.

எந்த வேலையை எந்த நேரத்தில் வைப்பது

கிடைத்த நேரங்கள் எல்லாம் ஒரே தரமானவை அல்ல என்பதால் வேலையையும் அதற்கேற்பப் பிரிக்க வேண்டும். முதல் தடவையாக வாசிப்பதும் மனனம் செய்வதும் பேச்சைத் தாங்காத வேலைகள். அதிலும் பழக்கமில்லாத ஆங்கிலத்தில் வாசிப்பது ஆகவும் மெல்லியது, அறையில் தமிழ்ப் பேச்சு வந்தவுடனே மனம் இலகுவான பக்கம் சாய்ந்துவிடும். கணக்கீட்டுப் பயிற்சி செய்வது, ஐந்தொகை சமப்படுத்துவது, வரைபடம் கீறுவது போன்றவை கையோடு போகும் வேலைகள், முணுமுணுப்பைத் தாங்கும். நோட்ஸ் திருத்தி எழுதுவது, அசைன்மென்ட்டுக்கு முகப்புப் பக்கம் செய்வது, போட்டோக்கொப்பிகளை அடுக்குவது எந்தச் சத்தத்திலும் நடக்கும்.

ஆகவே நம் மாணவர் 7.05 இடைவெளியில் ஆங்கில வாசிப்பை வைக்கிறார். பின்னேரம் 4.45-இலிருந்து 5.40 வரை கணக்கீடு. 7.45-க்குப் பிறகான சந்தை நேரத்தில் நோட்ஸ் எழுதுவது, அல்லது ஒன்றுமே செய்யாமல் மற்றவர்களோடு இருந்து கதைப்பது. இந்தக் கடைசியை வீண் என்று நினைக்க வேண்டாம். எந்நேரமும் புத்தகத்தோடு ஒதுங்கி இருப்பவர் ஓர் அமைதி கேட்டால் அறையில் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

40 நிமிடம் குறுகிய நேரம். மேசையைத் துடைத்து, புத்தகம் தேடி, பேனை எடுத்து, எங்கே விட்டோம் என்று யோசித்தால் அதில் 10 நிமிடம் போய்விடும். அதனால் முந்திய தடவை எழும்பும்போதே அடுத்த தடவைக்குரிய முதல் வேலையை ஒரு துண்டில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துவிடுங்கள். “பக்கம் 62, இரண்டாம் பந்தி, கேள்வி நெகிழ்ச்சி என்றால் என்ன” என்ற அளவுக்குக் குறிப்பாக. “பொருளியல் படிக்கவும்” என்று எழுதினால் அது உதவாது. போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாலும் பரவாயில்லை, காலியான அறையில் உங்களைக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் அதுதான்.

இன்னொரு நுணுக்கம்: 7.05 என்று மணிக்கூட்டைப் பார்த்து உட்காராதீர்கள். மெஸ் சிலநாள் 15 நிமிடம் பிந்தும், அப்போது அறை 7.20 வரைக்கும் பசியோடும் புறுபுறுப்போடும் நிறைந்திருக்கும். கடைசி ஆள் தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் தாண்டும் சத்தம்தான் தொடக்கம். முடிவுக்கு மட்டும் மணிக்கூடு, ஏனென்றால் மெஸ் மூடும் நேரம் தள்ளிப்போவதில்லை. சாப்பாட்டு வகையும் கணக்கை மாற்றும். கோழிக்கறி நாளில் அறை இரண்டு நிமிடத்தில் காலியாகும், திரும்பவும் நேரம் எடுக்கும். பாணும் பருப்பும் என்றால் சிலர் போகவே மாட்டார்கள். ரோட்டுக் கடையில் கொத்து எடுத்துக்கொண்டு வந்து அறைக்குள்ளேயே விரித்துவிடுவார்கள். வாரத்தில் எந்த நாள் என்ன கறி என்று கொப்பியின் ஓரத்தில் குறித்து வைத்தால், வாசிப்பைக் கோழி நாளிலும் கணக்கைப் பாண் நாளிலும் வைக்கலாம். சிரிப்பாக இருக்கும், ஆனால் சரியாக வரும்.

விடியற்காலை: யாருக்கு, எந்த விலையில்

விடுதியில் படிப்பைப்பற்றி யாரைக் கேட்டாலும் “விடிய நாலு மணிக்கு எழும்பு” என்பார்கள். நேரம் நல்லதுதான். காற்றும் குளிராக இருக்கும், பேச்சும் இருக்காது. கெடுப்பது நித்திரைக் கணக்கு. லைட் 11.15-க்கு அணையும் அறையில் 4 மணிக்கு எழும்புபவர் ஐந்து மணித்தியாலம்கூடத் தூங்கவில்லை. முதல் மூன்று நாள் வீரமாக இருக்கும். பிறகு 8.30 லெக்சரில் தலை சரியும், விடிய வாசித்ததும் நிற்காது.

ஆகவே முதலில் இரவு எத்தனை மணிக்குத் தூங்க முடியும் என்று பாருங்கள், எழும்பும் நேரத்தை அதிலிருந்து கூட்டி எடுங்கள். லைட் எரியும்போதே 10.15-க்குத் தூங்கப் பழக முடிந்தால், கண்ணை ஒரு கறுத்தத் துணியால் கட்டி, காதில் நுரை அடைப்பான் வைத்து, 5 மணிக்கு எழும்பலாம். ஆறே முக்கால் மணித்தியாலம் கிடைக்கும். 5.10-இலிருந்து 6 வரை 50 நிமிடப் படிப்பு. அப்படித் தூங்க முடியாத அறையென்றால் வார நாள்களில் விடியற்காலையை விட்டுவிடுங்கள், சனி ஞாயிறு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாலைத் தேநீரையும் கணக்கில் எடுங்கள். பிளேன்ரீயில் இருக்கும் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும், பத்து மணிக்குத் தூங்க வேண்டியவர் 4 மணிக்குப் பிறகு குடிக்காமல் இருப்பது நல்லது.

காதடைப்பான் பலருக்கு வேலை செய்யாததற்குக் காரணம் அதை வைக்கும் விதம். பார்மசியில் வாங்கும் நுரை வகையைச் சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்தால் உள்வழி நேராகும். அப்போது உள்ளே விட்டு, விரல் நுனியால் 30 வினாடி பிடித்திருங்கள், நுரை விரியும். சரியாக இருந்தால் உங்கள் சொந்தக் குரலே தலைக்குள் முழங்குவதுபோலக் கேட்கும். பாதி வெளியே தள்ளிக்கொண்டு நின்றால் எடுத்துத் திரும்ப வையுங்கள். பேச்சை முற்றாக அது நிறுத்தாது, 2-ஐ 1 ஆக்கும். அதற்குமேல் ஃபேன் சத்தமும் சேர்ந்தால் சொற்கள் பிரியாது. கடலில் குளித்துவிட்டு வந்த ஈரக் காதில் வைக்காதீர்கள், காது புண்ணாகும். அழுக்கேறியதைத் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

எழும்பும் அலாரம் சத்தம் போடக்கூடாது. போனை அதிர்வில் மட்டும் வைத்துத் தலையணை உறைக்குள் செருகுங்கள், காதடைப்பான் இருந்தாலும் அதிர்வு தெரியும். அறை லைட்டைப் போடுவதும் பகையைத் தேடுவதும் ஒன்று. சார்ஜ் பண்ணக்கூடிய ஒரு சின்னக் கவ்வு விளக்கை வாங்கி, அதன் தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ஒளி பக்கத்தில் மட்டும் விழும்படி வையுங்கள். கரண்ட் போகும் மாரி இரவுகளிலும் அது கைகொடுக்கும். விறாந்தையில் இருந்து படிப்பதானால் நீளக் காற்சட்டை போட்டுக்கொண்டு, காலடியில் நுளம்புச் சுருள் ஒன்று வையுங்கள். டெங்கு நுளம்பு விடியலிலும் பின்னேரத்திலும்தான் அதிகம் கடிக்கும், நீங்கள் படிக்க வெளியே வரும் அதே நேரங்களில்.

குளிப்பையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். 6 மணிக்கு வரிசை தொடங்கிவிடும் என்பதால், விடியப் படிப்பவர் 5 மணிக்கே குளித்துவிட்டு உட்காரலாம், அல்லது பின்னேரம் படித்து முடித்து 5.45-க்குக் குளிக்கலாம். வரிசையில் 25 நிமிடம் நிற்பவர் ஒரு படிப்பு நேரத்தை அங்கேதான் தொலைக்கிறார்.

இதெல்லாம் சரிவந்தால் நம் மாணவருக்கு விடிய 50, பின்னேரம் 55, இரவு 40 என்று நாளுக்கு 145 நிமிடம் கிடைக்கிறது. ஐந்து நாளில் 12 மணித்தியாலத்துக்குச் சற்று மேல். எட்டரையிலிருந்து பதினொன்று வரை கொப்பியை விரித்துவைத்துக்கொண்டு இருந்திருந்தால் கடதாசியில் இதைவிடக் கொஞ்சம் கூட வந்திருக்கும். தலைக்குள் போனது கால்வாசியாகவே இருக்கும்.

அறையில் கேட்பது எப்படி

சத்தம் போடாதீர்கள் என்று பொதுவாகக் கேட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அது எப்போது முடியும் என்று அவர்களுக்குத் தெரியாது. நேரமும் செயலும் சொல்லிக் கேளுங்கள். “மச்சான், பின்னேரம் அஞ்சே முக்கால் மட்டும் நான் கணக்குச் செய்றன். அதுக்குள்ள கோல் வந்தா விறாந்தையில நிண்டு கதைக்கிறியா? ஒன்பதுக்குப் பிறகு நீங்க என்ன செய்தாலும் நான் வாய் திறக்கமாட்டன்.” இதில் கேட்பது ஒரு மணித்தியாலம், கொடுப்பது ஓர் இரவு. அநேகமாக இந்தப் பேரம் படியும். கேட்கும் நேரம் முக்கியம்: சத்தம் நடந்துகொண்டிருக்கும்போது கேட்டால் அது சண்டை, ஞாயிறு பின்னேரம் எல்லோரும் சும்மா இருக்கும்போது கேட்டால் அது ஒழுங்கு. இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கினால் இன்னும் இலகு, பிறகு அது பழகிப்போகும்.

ஒருவர் மட்டும் மாறாமல் ஹெட்செட் இல்லாமல் வீடியோ பார்ப்பவராக இருந்தால், அவருடைய நேரத்தைக் கொப்பியில் பார்த்து நீங்கள் விலகுவது மலிவு. விலகிப் போகும் இடத்தையும் முதலே பார்த்து வையுங்கள். நூலகம் எத்தனை மணிக்கு மூடும், லெக்சர் ஹோல் பின்னேரம் திறந்திருக்குமா, விடுதிக் கதவு எத்தனைக்குப் பூட்டுவார்கள் என்று வோர்டனிடம் கேளுங்கள். பெண்கள் விடுதிகளில் கதவு பூட்டும் நேரம் கண்டிப்பாக இருக்கும், அதற்கு 15 நிமிடம் முன்னால் புத்தகத்தை மூடும்படி அலாரம் வைக்க வேண்டும். கடற்கரையைப் பலர் சொல்வார்கள். பாடம் ஒப்புவித்துக்கொண்டு நடப்பதற்கு நல்லது, வாசிப்பதற்கு ஆகாது. வெயில் பக்கத்தில் பட்டுக் கண் கூசும், மே முதல் ஆகஸ்ட் வரை காற்று தாளைப் புரட்டிக்கொண்டே இருக்கும்.

சீனியர் ஒருவர் வேண்டுமென்றே புத்தகத்தைப் பிடுங்குவதும், படிக்கிற நேரம் பார்த்து வேலை ஏவுவதும் சத்தப் பிரச்சினை அல்ல. அது ராகிங். 1998-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதற்கு இந்தக் கொப்பி மருந்தில்லை, வோர்டனிடமும் வளாக நிர்வாகத்திடமும் முறையிட வேண்டும்.

பழகிய கணக்கு உடையும் காலங்கள்

உங்கள் இடைவெளி நன்றாக ஓடுகிறது என்பதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் அதே 7.05-க்கு அறையில் தங்கத் தொடங்குவது ஆக வழமையான உடைவு. மூன்று பேரும் வாயைத் திறக்காவிட்டால் நன்மைதான். ஒருவர் “இது எப்படியடா வரும்” என்று கேட்ட நிமிடத்தில் முடிந்தது. கேள்விகளைத் துண்டில் எழுதி வைத்து, 7.45-க்கு மெஸ்ஸுக்கு நடந்து போகும்போது கதைப்பது என்று பேசிக்கொள்ளுங்கள்.

நோன்பு மாதத்தில் நாள் தலைகீழாகும். முஸ்லிம் மாணவர்கள் உள்ள அறையில் சஹருக்காக மூன்றரை நாலு மணிக்கே லைட்டும் பாத்திரச் சத்தமும் இருக்கும், 5 மணி வரையான உங்கள் நித்திரை கலையும். அதற்குப் பதிலாக மாலை ஆறு மணி தாண்டி, நோன்பு திறக்கவும் தொழவும் அவர்கள் போகும்போது அரைமணிக்கு மேல் அறை அடங்கியிருக்கும். அந்த மாதம் மட்டும் விடியற்காலை வேலையை அந்நேரத்துக்குத் தள்ளுங்கள். மார்கழியில் திருவெம்பாவைக் காலத்தில் கோயில் ஒலிபெருக்கி பத்து நாள் விடியமுன்னே பாடும். கோயிலுக்குக் கிட்ட உள்ள போடிங் என்றால் அந்நாள்களில் வாசிப்பு வேண்டாம், கணக்கு வையுங்கள்.

வடகீழ்ப் பருவமழை காலத்தில் பின்னேர இடைவெளி தொலைந்துபோகும். விளையாட்டு இல்லை, எட்டுப் பேரும் அறைக்குள். விறாந்தையும் நனையும். ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டும்போது இரண்டு கட்டில் தள்ளிப் பேசுவது உங்களுக்குப் பிரியாது, ஆகவே மூலைக் கட்டில்காரருக்கு அது அவ்வளவு மோசமில்லை. நடுக் கட்டில் கிடைத்தவர் அந்த இரண்டு மூன்று மாதத்துக்காவது யாரோடாவது இடம் மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

பரீட்சைக்கு முந்திய ஸ்டடி லீவில் பழைய கொப்பி செல்லாது. லெக்சர் இல்லாததால் பகல் முழுவதும் அறை நிறைந்திருக்கும், இரவில் சீனியர்மார் எடுக்கும் குப்பி வகுப்புக்கு ஆட்கள் போவார்கள். முன்பு உச்சச் சத்தமாக இருந்த 8.30 முதல் 10 வரை அப்போது வெறுமையாகலாம். லீவ் தொடங்கிய முதல் இரண்டு நாள் புதிதாக 38 வரி போட்டு எழுதுங்கள். எந்தக் குப்பிக்கு நீங்களும் போக வேண்டும், எந்தக் குப்பி நேரத்தில் அறையில் தனியே இருந்து படிக்க வேண்டும் என்று அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். மெஸ் நேரம் மட்டும் லீவிலும் பெரும்பாலும் மாறாது, 7.05-க்குத் தட்டுகள் கதவைத் தாண்டும்.